ஹால்விங் நாள்காட்டியை வைத்து பிட்காயின் வாங்கலாமா?

கேள்வி: "புதிய பிட்காயின் வரத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் ஹால்விங் முடிந்து 12 முதல் 18 மாதத்துக்குள் பிட்காயின் உச்சத்தைத் தொடும் என்கிறார்கள். இதுவரை நான்கு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்படியானால் 2028 ஹால்விங்குக்கு ஆறு மாதம் முன்பு வாங்கி, ஹால்விங் முடிந்து ஒன்றரை வருடத்தில் விற்றுவிட்டால் போதாதா? இதில் என்ன தவறு?"

பதில்:

உங்கள் விதிக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். அதைக் கடந்த காலத்தில் அப்படியே பின்பற்றியிருந்தால் நான்கு முறையும் லாபம் வந்திருக்கும். முதல் ஹால்விங் 2012 நவம்பர் 28 அன்றும், இரண்டாவது 2016 ஜூலை 9 அன்றும், மூன்றாவது 2020 மே 11 அன்றும், நான்காவது 2024 ஏப்ரல் 20 அன்றும் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் முன்பு இருந்த விலை முறையே சுமார் 5, 450, 8,700, 29,500 டாலர். ஹால்விங் முடிந்து பதினெட்டு மாதத்தில் இருந்த விலை சுமார் 575, 14,500, 65,000, 1,10,000 டாலர். ஆகவே "இது வெறும் கட்டுக்கதை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள் விலைப்பட்டியலைத் திறந்து பார்க்காதவர்கள் என்றே சொல்வேன். ஆனால் போட்ட பணம் எத்தனை மடங்கானது என்று பார்த்தால், நூறு மடங்குக்கு மேல், முப்பது மடங்குக்குச் சற்று மேல், ஏழரை மடங்கு, நான்கு மடங்குக்கும் குறைவு என்று வரிசையாகச் சரிந்து வந்திருக்கிறது. லாபம் வந்ததா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. அந்த லாபம் ஹால்விங் தேதியால் வந்ததா, வேறொன்றால் வந்ததா என்பதுதான் அடுத்த முறை நீங்கள் பணம் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஹால்விங் செய்வது இவ்வளவுதான். பரிவர்த்தனைகளின் தொகுப்பான பிளாக் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் ஒருமுறை, கணினிகளை இயக்கி ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கும் மைனருக்குக் கிடைக்கும் புதிய பிட்காயின்களின் எண்ணிக்கை பாதியாகிறது. 50ஆக இருந்தது 25, 12.5, 6.25 என்று குறைந்து இப்போது 3.125இல் நிற்கிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 144 பிளாக்குகள் என்பதால், 2024இல் தினசரிப் புதிய வரத்து சுமார் 900 காயினிலிருந்து 450 ஆயிற்று. வரத்து குறைந்து தேவை அப்படியே இருந்தால் விலை ஏறும் என்பது பாடப்புத்தகப் பொருளாதாரம், அதில் பிழையில்லை. எவ்வளவு குறைந்தது, எதோடு ஒப்பிட்டால் அது குறைவு என்பதைக் கேட்காமல் விடுவதுதான் பிழை.

2012இல் அதுவரை வெளிவந்திருந்த மொத்தக் காயின்களோடு ஒப்பிட்டால், ஓராண்டுப் புதிய வரத்து 25 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தது. சந்தையே மிகச் சிறியதாக இருந்த காலத்தில் அது பெரிய அதிர்ச்சிதான். 2016இல் அது எட்டு சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து நான்குக்குச் சற்று மேலாகவும், 2020இல் 3.6இலிருந்து 1.8 ஆகவும், 2024இல் 1.7இலிருந்து 0.8 ஆகவும் குறைந்தது. "பாதியாகிறது" என்ற சொல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் ஒலிக்கிறது. ஆனால் நான்காவது முறை உண்மையில் குறைந்தது மொத்த இருப்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2028இல் பிளாக் எண் 10,50,000 வரும்போது அது 0.8இலிருந்து 0.4 ஆகும்.

இதைப் பணமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2024 ஹால்விங் அன்று விலை சுமார் 64,000 டாலர். குறைந்துபோன 450 காயின்களின் மதிப்பு நாளொன்றுக்கு 2.9 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் வர்த்தகம் தொடங்கிய, பிட்காயினை நேரடியாக வாங்கி வைத்திருக்கும் நிதிகளான ஸ்பாட் பிட்காயின் இடிஎஃப்களுக்குள் மார்ச் 12 அன்று ஒரே நாளில் நிகரமாக நூறு கோடி டாலருக்கு மேல் வந்தது. மறுபக்கம், ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் ஒரு குற்றவழக்கில் கைப்பற்றி வைத்திருந்த ஏறத்தாழ 50,000 காயின்களை 2024 ஜூன், ஜூலையில் சில வாரங்களில் விற்றுத் தீர்த்தது. ஹால்விங் மூலம் நூற்றுப்பத்து நாட்களில் மிச்சமாகும் வரத்தை ஒரே ஒரு விற்பனையாளர் சந்தையில் கொட்டிவிட்டார். பழைய காயின்களை வைத்திருப்பவர்கள் விற்பதா வேண்டாமா என்று எடுக்கும் முடிவும், புதிதாக உள்ளே வரும் பெரும்பணமும்தான் விலையை ஆட்டிவைக்கின்றன. மைனர்களின் புதிய வரத்து அதற்கு முன் மிகச் சிறியது.

ஹால்விங் நாளிலேயே நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மைனர்களின் வருமானம் பாதியாகும்" என்ற வாக்கியம் அன்று நேர்மாறாகப் போயிற்று. பிளாக் எண் 8,40,000 இந்திய நேரப்படி அதிகாலை ஐந்தரை மணி தாண்டிக் கிடைத்தது. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் முறையும் அறிமுகமானதால், அதில் இடம்பிடிக்கப் பலரும் போட்டிபோட்டுக் கட்டணம் கொடுத்தார்கள். அந்த ஒரு பிளாக்கை எடுத்தவருக்கு வெகுமதியாக 3.125 காயினும் கட்டணமாக 37 காயினுக்கு மேலும் கிடைத்தன. அந்தக் கட்டண வேகம் சில வாரங்களில் அடங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே தேதி தெரிந்த ஒரு நிகழ்வில்கூட, அதன் உடனடி விளைவை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். ஒரு விதி வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைப் பின்பற்றியவருக்கு லாபம் வந்ததா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பின்பற்றாதவருக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். உங்கள் விதிப்படி பணம் உள்ளே இருப்பது மொத்தம் இரண்டு ஆண்டுகள். ஹால்விங் பற்றிக் கேள்வியே படாத ஒருவர், ஜனவரி 1 அன்று வாங்கி இரண்டு ஆண்டு கழித்து விற்றார் என்று வைத்துக்கொள்வோம். 2015இல் தொடங்கியிருந்தால் பணம் சுமார் மூன்று மடங்கு. 2019இல் 3,800 டாலர் அளவில் வாங்கியிருந்தால் 2021 தொடக்கத்தில் 29,000 டாலர், அதாவது ஏழரை மடங்கு. 2023இல் 16,600 டாலர் அளவில் வாங்கியிருந்தால் 2025 தொடக்கத்தில் 94,000 டாலர், ஐந்தரை மடங்குக்கு மேல். மூன்றாவது ஹால்விங்கில் உங்கள் விதி கொடுத்ததற்கு 2019 ஜனவரி சமமாக நிற்கிறது. நான்காவதில் கொடுத்ததை 2023 ஜனவரி முந்திவிடுகிறது. மாறாக 2014, 2018, 2022 ஜனவரிகளில் வாங்கியவர் இரண்டு ஆண்டு காத்திருந்தும் நஷ்டத்தில்தான் விற்றிருப்பார்.

"பார்த்தீர்களா, நஷ்டமான மூன்றும் நான்காண்டுச் சுழற்சியின் இறங்குமுகத்தில் விழுகின்றன, சுழற்சி இருக்கிறது என்பதைத்தானே இது காட்டுகிறது" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஆறு ஜனவரிகளையும் நாள்காட்டியை மூடிவைத்துவிட்டு விலையை மட்டும் பார்த்துப் பிரித்தாலும் இதே பிரிவுதான் வரும். லாபம் தந்த மூன்றும், முந்தைய உச்சத்திலிருந்து விலை எழுபது முதல் எண்பது சதவீதம் சரிந்து கிடந்த நேரங்கள். நஷ்டம் தந்த மூன்றும், பெரிய ஏற்றம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் வந்தவை. அதாவது "விழுந்து கிடக்கும்போது வாங்கியவர் பிழைத்தார், ஏறி முடிந்தபின் வாங்கியவர் மாட்டிக்கொண்டார்" என்பதே இந்தத் தரவு சொல்வதில் பெரும்பகுதி. இதற்கு ஹால்விங் தேவையில்லை; எந்தச் சூதாட்டத்தனமான பொருளிலும் இது இப்படித்தான் இருக்கும். மீண்டு எழுந்த பொருளைப் பற்றித்தான் நாம் இப்படிப் பேச முடிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுந்து எழாத காயின்கள் ஏராளம்.

இந்த இரண்டு விளக்கங்களில் எது சரி என்று பிரித்தறிவது முதல் மூன்று ஹால்விங்குகளில் சாத்தியமாகவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தைக் கைகாட்டின. 2012 ஹால்விங் அன்று விலை சுமார் 12 டாலர். 2011 உச்சமான 30 டாலருக்குச் சுமார் அறுபது சதவீதம் கீழே. 2016இல் 650 டாலர். பழைய உச்சத்துக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் கீழே. 2020இல் 8,600 டாலர் அளவில். 2017 உச்சத்தில் பாதிகூட இல்லை. ஹால்விங் நாளும் விலை தாழ்ந்த நாளும் ஒன்றாகவே வந்ததால், ஏற்றத்துக்கு எது காரணம் என்று தரவால் சொல்ல முடியாது. 2024இல்தான் முதல்முறையாக இரண்டும் பிரிந்தன. இடிஎஃப் பணத்தின் வேகத்தில் ஹால்விங்குக்கு ஐந்து வாரம் முன்பே, மார்ச் நடுவில், விலை 73,000 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டுவிட்டது. ஹால்விங் அன்று இருந்த விலை பழைய 69,000 டாலர் உச்சத்துக்கு வெறும் ஏழு சதவீதம்தான் கீழே. நாள்காட்டி உண்மைக் காரணம் என்றால் இதனால் பெரிய வித்தியாசம் வரக்கூடாது. விலை தாழ்ந்திருந்ததே காரணம் என்றால் பலன் மிகவும் சுருங்க வேண்டும். சுருங்கியது. ஹால்விங் நாளில் வாங்கியவர் 2025 அக்டோபர் 6 அன்று வந்த 1,26,000 டாலர் உச்சத்தில் துல்லியமாக விற்றிருந்தாலும் இரண்டு மடங்குதான். இதற்கு முந்தைய முறை இதே கணக்கில் எட்டு மடங்கு. இது ஒரே ஒரு நிகழ்வுதான், ஆகையால் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே நிகழ்வு அது.

அதேவேளை அந்த உச்சம் ஹால்விங்கிலிருந்து 534ஆவது நாளில் வந்ததையும் மறைக்கக் கூடாது. முந்தைய இரண்டு முறை 526, 548 நாட்கள் ஆகியிருந்ததால், நாள் கணக்கில் இது மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. சுழற்சியை நம்புபவர்களின் மிக வலுவான வாதம் இதுதான். இருந்தாலும் இரண்டு விஷயங்களை எடைபோடுங்கள். முதலாவது, அந்த எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். முதல் ஹால்விங்குக்குப் பின் உச்சம் வந்தது சுமார் 367 நாட்களில். அது இந்த வரிசையில் சேராததால் பலரும் அதை ஓசைப்படாமல் விட்டுவிடுகிறார்கள். 2021இல் ஏப்ரல் மாதமும் ஓர் உச்சம் இருந்தது, சுமார் 64,000 டாலர். அதன்பின் விலை பாதிக்கு மேல் சரிந்து, நவம்பரில் 69,000 தொட்டது. ஏப்ரலை உச்சமாக எண்ணினால் 338 நாட்கள், நவம்பரை எண்ணினால் 548. வித்தியாசம் ஏழு மாதம். எது "உண்மையான" உச்சம் என்பது நவம்பர் முடிந்தபிறகுதான் தெரிந்தது. ஏப்ரலில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தவருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த தேதி எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. "பதினெட்டாம் மாதம் உச்சம்" என்று பல லட்சம் பேர் நம்பினால், அந்த மாதம் நெருங்கும்போது அவர்களில் பலர் விற்கத் தயாராக இருப்பார்கள். அதுவே உச்சத்தை உருவாக்கக்கூடும். 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருட்கள் மீது 100 சதவீதக் கூடுதல் வரி என்ற டிரம்ப்பின் அறிவிப்பு வந்ததும், கடன் வாங்கிப் போட்டிருந்த நிலைகள் ஒரே நாளில் சுமார் 1,900 கோடி டாலர் அளவுக்குக் கலைக்கப்பட்டன. நவம்பரில் விலை 81,000 டாலருக்கும் கீழே போய் வந்தது. அந்தச் சரிவில் சுழற்சி நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு, வரி அறிவிப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. ஆனால் நம்பிக்கையே காரணம் என்றால், அடுத்த முறை புத்திசாலிகள் பதினெட்டாம் மாதத்துக்குக் காத்திருக்காமல் பதினைந்தாம் மாதத்தில் விற்பார்கள், அதற்கடுத்தவர்கள் பன்னிரண்டில். அப்படி உருவான ஒழுங்கு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

ஹால்விங்கே காரணம் என்பவர்கள் லைட்காயின் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பேசுவது அரிது. பேச வேண்டும், ஏனென்றால் இதே இயந்திரம்தான் அதிலும் இருக்கிறது: 8,40,000 பிளாக்குக்கு ஒருமுறை, நான்கு ஆண்டு இடைவெளியில் வெகுமதி பாதியாகும். 2015 ஆகஸ்டில் முதல் ஹால்விங் வந்தது. அதற்கு முந்தைய மாதம் விலை எட்டு டாலர் வரை ஏறி, ஹால்விங் அன்று மூன்று டாலர் அளவுக்கு இறங்கி, 2017 வசந்தம் வரை அங்கேயே படுத்துக் கிடந்தது. 2019 ஆகஸ்ட் 5 ஹால்விங்குக்கு முன் ஜூனில் 140 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் நாற்பது டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 2 ஹால்விங் முடிந்த சில வாரங்களில் 90 டாலர் அளவிலிருந்து அறுபதுகளுக்குச் சரிந்தது. லைட்காயின் ஏறிய காலங்களைப் பார்த்தால், தன் ஹால்விங்கைப் பின்தொடர்ந்து அல்ல, பிட்காயின் ஏறும்போது அதன் பின்னால் ஏறியிருக்கிறது. வரத்து பாதியாவது மட்டுமே விலையை ஏற்றும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

கதையைக் கணிதமாக மாற்றியவர்களும் உண்டு. 2019இல் பிளான்பி என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட ஸ்டாக்-டு-ஃப்ளோ மாதிரி, இருப்புக்கும் ஆண்டு வரத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து விலையைக் கணித்தது. 2021 இறுதிக்குள் ஒரு லட்சம் டாலர் என்பது அதன் புகழ்பெற்ற எதிர்பார்ப்பு. ஆண்டு முடிந்தபோது விலை சுமார் 46,000 டாலர், அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. அந்த மாதிரியில் தேவை என்ற ஒன்றே கிடையாது என்பதை இப்போது பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள். அது வெளிவந்த நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய ஓட்டை.

இப்போது உங்கள் "ஆறு மாதம் முன்பு" என்ற பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் கையைச் சுடும் இடம் அதுதான். மூன்றாவது ஹால்விங் வரப்போகிறது என்று 2019 ஜூன் இறுதியில், அதாவது பத்து மாதம் முன்பு, 13,000 டாலரில் வாங்கியவர் கதைப்படி சரியான பக்கத்தில்தான் இருந்தார். 2020 மார்ச் 12, 13 தேதிகளில் கொரோனா பீதியில் விலை 5,000 டாலருக்குக் கீழே போனபோது, அவர் பணத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஹால்விங்குக்கு இன்னும் இரண்டு மாதம். 2024 மார்ச்சில் 73,000 டாலரில் வாங்கியவர் ஆகஸ்ட் 5 அன்று 49,000 டாலரைப் பார்த்தார். இருவரும் விற்காமல் இருந்திருந்தால் கடைசியில் லாபம்தான். ஆனால் கதை அவர்களுக்கு எந்த நாளில் வாங்குவது என்றும் சொல்லவில்லை, எவ்வளவு இறங்கினால் கதை பொய்த்தது என்று எடுத்துக்கொள்வது என்றும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு அகலமுள்ள ஒரு சாளரத்தைக் காட்டிவிட்டு, அதற்குள் எங்கு விழுந்தாலும் "பொறுங்கள்" என்கிறது. கடன் வாங்கியோ ஃபியூச்சர்ஸிலோ இறங்கியவருக்குப் பொறுக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. மார்ச் 12 இரவோடு அவர் கணக்கு மூடப்பட்டிருக்கும்.

நீங்கள் இந்தியாவில் வரி கட்டுபவர் என்றால், தவறான நேரத்தில் நுழைவதற்கான விலை இன்னும் கூடும். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மீது 4 சதவீத செஸ்ஸும் உண்டு; ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச்செல்ல முடியாது. ஒன்றில் ஒரு லட்ச ரூபாய் நஷ்டம், இன்னொன்றில் ஒரு லட்ச ரூபாய் லாபம் என்றால் கையில் மிச்சம் ஒன்றும் இல்லாமலேயே 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீத டிடிஎஸ் வேறு. ஆகவே "சரியில்லை என்றால் வெளியே வந்து மீண்டும் நுழையலாம்" என்ற எண்ணம் இங்கே மலிவானதல்ல.

இதற்குப் பிறகும் 2028ஐ மனதில் வைத்து வாங்குவது என்று நீங்கள் முடிவெடுத்தால், தேதியை மட்டும் குறித்துவைக்காமல் அன்றைய விலை முந்தைய உச்சத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் நிபந்தனையாக எழுதிவைக்கச் சொல்வேன். ஹால்விங்குக்கு ஆறு மாதம் முன்பு விலை பழைய உச்சத்தில் பாதியில் கிடந்தால் அது ஒரு சூழல். ஏற்கெனவே புதிய உச்சத்தில் நின்றால் அது முற்றிலும் வேறு சூழல், நம்மிடம் அதற்கு முன்னுதாரணமாக 2024 மட்டுமே இருக்கிறது, அதுவும் ஹால்விங்குக்கு ஐந்து வாரம் முன்புதான். மொத்தத்தையும் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் பிரித்துப் போட்டால், சாளரத்துக்குள் எந்த நாள் சரி என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய அவசியமே குறைந்துவிடும். உங்கள் பதினெட்டு மாத விதி தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதுங்கள்: உதாரணமாக, 2029 இறுதிவரை ஹால்விங் நாள் விலைக்கு மேல் உருப்படியான ஏற்றம் எதுவும் இல்லையென்றால். அந்த வரியை எழுத மனம் வரவில்லை என்றால், 2028 ஏப்ரல் அளவில் 450 காயின் 225 ஆவதை வைத்து மட்டும் நீங்கள் வாங்கவில்லை என்று பொருள். அப்போது உண்மையான காரணம் எதுவோ அதைத் தனியாக எடுத்துவைத்துப் பரிசீலியுங்கள்.